பலப்பத் தூசியும் நுரையீரலின் விழுங்கணுக்களும்

பள்ளிச் சிறுவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வந்துள்ள சிலேட்டுப் பலப்பம், மெல்லிய அடுக்குகளாக அமைந்த ஒருவகைப் பாறையை அறுத்துச் செய்யப்படுவதாகும். மத்தியப் பிரதேசத்திலுள்ள மந்தசோர் மாவட்டம் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. மின்சாரத்தால் சுழலும் வட்ட ரம்பத்தில் பாறைப் பலகையை வைத்து, குச்சி குச்சியாக அறுத்தெடுப்பார்கள். அறுக்கும்போது எழும் வெண்தூசி, அறுப்பவரின் முகத்திற்கு நேரே பறக்கும். அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிலையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இத்தொழிலாளருள் 593 பேரைப் பரிசோதித்து, அதன் முடிவை 1985-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் இருப்பது தெரிய வந்தது.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுகிறது. தூசியில்லாத காற்றை மனிதன் எந்நாளும் சுவாசித்ததில்லை. ஒருவர் நாளொன்றுக்குப் பத்தாயிரம் லிட்டருக்கு மேற்பட்ட காற்றை உள்ளிழுக்கிறார். அதனுடன் மண்துகள், அடுப்புக்கரி, மகரந்தம், பஞ்சிழை, நோய்க்கிருமிகள் ஆகிய யாவும் உட்செல்கின்றன. இருப்பினும் பெரும்பாலோரின் நுரையீரல்கள் முதுமை வரையில் தத்தம் வேலையைச் செய்து வருகின்றன. அவ்வளவு தூசியையும் சமாளிக்கும் நுரையீரல், பலப்பத் தூசியிடம் மட்டும் ஏன் தோற்றுவிடுகிறது? இதற்கு விடை காண வேண்டுமாயின், ஒரு தூசித் துகள் மூக்கில் நுழைந்தது முதல் அதற்கு நேர்வதை வரிசையாகப் பின்தொடர்ந்து செல்ல வேண்டும்.

துகளின் பருமனும் அது செல்லும் தூரமும்

ரம்பத்திலிருந்து எழும் தூசியில் பல பருமனுள்ள துகள்கள் கலந்திருக்கும். அவற்றை மைக்ரான் என்னும் அளவால் குறிப்பிடுவர். ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான் ஆகும். தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். இரத்தத்திலுள்ள சிவப்பணுவின் விட்டம் ஏறத்தாழ 7 மைக்ரான்.

பத்து மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடுகின்றன. மூக்கினுள் காற்று வளைந்து வளைந்து செல்கிறது. கனத்த துகளால் அவ்வாறு சட்டெனத் திரும்ப இயலாது. வேகமாகச் செல்லும் வண்டி வளைவில் திரும்ப மாட்டாமல் வரப்பில் மோதுவதைப் போல, அது ஈரமான சுவரில் மோதி ஒட்டிக் கொள்கிறது. தும்மலும் மூக்குச் சளியும் அதனை வெளியேற்றி விடுகின்றன. ஐந்திலிருந்து பத்து மைக்ரான் வரையிலுள்ள துகள்களில் பல, மூச்சுக்குழலிலும் அதன் கிளைகளிலும் ஒட்டிக் கொள்கின்றன. அதனினும் சிறியவை, குறிப்பாக ஒன்று முதல் மூன்று மைக்ரான் பருமனுள்ளவை, கிளைக்குழல்கள் யாவற்றையும் கடந்து, காற்றுச் சிற்றறைகளையே அடைந்துவிட வல்லவை.

இத்தகைய நுண்துகளின் இயல்பு கவனிக்கத்தக்கது. அசைவற்ற காற்றில் 50 மைக்ரான் பருமனுள்ள கல்துகள் ஒன்று, மனிதனின் முகத்தளவு உயரத்திலிருந்து பத்து வினாடிக்குள் தரையை அடைந்துவிடும். இரண்டு மைக்ரான் துகளோ வினாடிக்கு மில்லி மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே இறங்கும். அதே உயரத்திலிருந்து தரையை அடைய அதற்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகும். காற்று சற்று அசைந்தாலும் அது மீண்டும் மேலெழும். ஆகவே, கண்ணுக்குத் தெரியும் தூசி அடங்கிவிட்டது என்பதனால் தீங்கு விளைவிக்கும் தூசியும் அடங்கிவிட்டது எனக் கொள்ளலாகாது. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கோடு நின்றுவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாததே சிற்றறை வரை செல்கிறது.

அவ்வளவு மெதுவாக இறங்கும் துகள் நுரையீரலில் எவ்வாறு படிகிறது என்று சிலர் ஐயுறலாம். காற்றுச் சிற்றறை ஒன்றின் குறுக்களவு ஒரு மில்லி மீட்டரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். அங்குக் காற்று பெரும்பாலும் அசைவற்றிருக்கிறது. வினாடிக்கு மில்லி மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும் துகள், அவ்வளவு சிறிய அறையின் சுவரை அடைய ஒரு வினாடியே போதும். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடைப்பட்ட நேரத்திலேயே அது படிந்துவிடுகிறது.

மேல்நோக்கி நகரும் சளிப்படலம்

மூச்சுக்குழலிலும் அதன் கிளைகளிலும் ஒட்டிக் கொண்ட துகள்களை அகற்றுவதற்கு ஓர் ஏற்பாடு உள்ளது. இக்குழல்களின் உட்சுவர் முழுவதும் சிலியா எனப்படும் நுண்ணிழைகள் அடர்ந்திருக்கின்றன. ஓர் இழையின் நீளம் ஆறு அல்லது ஏழு மைக்ரான். வினாடிக்குப் பத்து முறைக்கு மேல் அவை ஒரே திசையில் அசைகின்றன. காற்று வீசும்போது நெல்வயலில் அலை அலையாகக் கதிர்கள் சாய்ந்தெழுவதைப் போன்றது அந்த அசைவு. இழைகளின் நுனியில் சளிப்படலம் ஒன்று மிதந்து நிற்கிறது. இழைகளின் அசைவால் அப்படலம் முழுவதும், தன்மேல் ஒட்டிய துகள்களையும் கிருமிகளையும் ஏந்திக் கொண்டு, நிமிடத்திற்குச் சில மில்லி மீட்டர் வீதம் தொண்டையை நோக்கி மேலேறுகிறது. தொண்டையை அடைந்ததும் நாம் அறியாமலே அதனை விழுங்கிவிடுகிறோம். அல்லது இருமி உமிழ்கிறோம். இக்குழல்களில் படிந்த துகளின் பெரும்பகுதி ஒரு நாளைக்குள் இவ்வாறு வெளியேறி விடுகிறது.

புகையிலைப் புகை இந்த இழைகளின் அசைவைத் தளர்த்துகிறது; நாளடைவில் இழைகளையே அழிக்கிறது. சளி மேலேற வழியின்றித் தேங்குவதனால்தான் புகைபிடிப்போர் காலையில் நெடுநேரம் இருமுகின்றனர். இழைகள் செய்ய வேண்டிய வேலையை இருமல் செய்ய வேண்டியதாகிறது.

ஆனால், சளிப்படலமும் நுண்ணிழைகளும் நுண்ணிய கிளைக்குழல்களின் முனையோடு முடிந்துவிடுகின்றன. அதற்கப்பால் உள்ள சிற்றறைகளில் அவை இல்லை, இருக்கவும் இயலாது. சிற்றறையின் சுவர் வழியாகவே பிராணவாயு இரத்தத்தில் கலக்கிறது. அச்சுவர் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த தடிமனே உள்ளதாகப் பல இடங்களில் அமைந்திருக்கிறது. அதன்மேல் சளி படிந்தால் மூச்சு முட்டிவிடும். ஆகையால் அங்கு வேறொரு காவல் தேவைப்படுகிறது.

சிற்றறைகளின் காவல்

இரு நுரையீரல்களிலும் சேர்த்து 30 கோடி முதல் 50 கோடி வரை சிற்றறைகள் உள்ளன. அவற்றின் உட்பரப்பை மெல்லிய நீர்ப்படலம் ஒன்று மூடியுள்ளது. அப்படலத்தில், சிற்றறை சுருங்கி ஒட்டிக் கொள்ளாதபடி காக்கும் வழவழப்பான கொழுப்புப் பொருள் கலந்திருக்கிறது. அத்துடன், கிருமிகளின் மேல் ஒட்டி அவற்றை எளிதில் அடையாளம் காணச் செய்யும் சில புரதங்களும் அதில் உள்ளன. இப்படலத்தில் ஊர்ந்து திரிவனவே பெருவிழுங்கணுக்கள். இவற்றை விஞ்ஞானிகள் மாக்ரோபேஜ்கள் என்பர்.

அணுக்கள் அயற்பொருளை விழுங்கி உடலைக் காக்கின்றன என்பதை முதன்முதலில் விளக்கியவர் ருஷ்ய விஞ்ஞானி இலியா மெச்னிகோப் ஆவார். 1882-ஆம் ஆண்டில் இத்தாலியிலுள்ள மெசினா நகரில் தங்கியிருந்தபோது, கண்ணாடி போன்ற உடலையுடைய நட்சத்திர மீன் குஞ்சுகளில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றி அணுக்கள் திரண்டு நிற்பதை நுண்பெருக்கியில் கண்டார். இத்துறையில் அவர் ஆற்றிய பணிக்காக 1908-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

நுரையீரலின் பெருவிழுங்கணு, சிவப்பணுவைப் போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட பருமனுள்ளது. அதற்குக் குறித்த வடிவமில்லை. துகள் ஒன்று படிந்த இடத்திற்கு ஊர்ந்து சென்று, தன் உடலின் ஒரு பகுதியை இருபுறமும் நீட்டி, துகளைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக் கொள்கிறது. இப்போது துகள் அணுவினுள் ஒரு சிறு பையில் அடைபட்டிருக்கிறது. பின்னர், செரிமானப் பொருள்கள் நிறைந்த வேறு சில பைகள் வந்து இப்பையுடன் இணைகின்றன. இவற்றுக்கு லைசோசோம்கள் என்று பெயர். இணைந்ததும் பையினுள் கடும் புளிப்புத்தன்மை உண்டாகிறது. புரதத்தையும் கொழுப்பையும் சிதைக்கும் நொதிகள் அதனுள் பாய்கின்றன. ஓர் அணுவினுள்ளே ஒரு சிறு இரைப்பை உண்டாவதாகக் கருதலாம்.

இந்த இரைப்பையில் அகப்படும் பொருள் எத்தன்மையது என்பதைப் பொறுத்தே அடுத்து நிகழ்வது அமையும். அதனை மூன்று எடுத்துக்காட்டுகளால் காண்போம்.

முதலாவது, சாதாரணக் கிருமி. சிற்றறையை அடைந்த சில கிருமிகளைப் பெருவிழுங்கணுக்கள் விழுங்கிக் கொன்று செரித்துவிடுகின்றன. நமக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. நாள்தோறும் இது நடைபெறுகிறது. ஆனால் நியூமோகாக்கஸ் போன்ற வீரியமுள்ள கிருமிகள் பெருந்தொகையாக வந்துவிட்டால், இருக்கும் அணுக்கள் போதமாட்டா. அப்போது அவை சில இரசாயனப் பொருள்களை வெளியிட்டு, இரத்தத்திலிருந்து வெள்ளணுக்களை உதவிக்கு அழைக்கின்றன. வெள்ளணுக்களும் நீரும் சிற்றறைகளில் நிறைவதையே நாம் நிமோனியா என்கிறோம். காய்ச்சலும் மூச்சுத்திணறலும் ஓரளவிற்கு இப்போராட்டத்தின் விளைவுகளே.

இரண்டாவது, கரித்துகள். இதனை நொதிகளால் சிதைக்க இயலாது. எனினும் கரித்துகள் அணுவைக் கொல்வதில்லை. அணு அதனைச் சுமந்து கொண்டு, நுண்ணிழைகள் தொடங்கும் குழல்முனை வரை மெல்ல ஊர்ந்து சென்று, சளிப்படலத்தில் ஏறிக்கொள்கிறது. வேறு சில துகள்கள் நிணநீர் வழியாக நிணநீர்க் கணுக்களைச் சென்று சேர்கின்றன. இவ்வேலை மிக மெதுவானது. குழல்களில் படிந்த துகள் ஒரு நாளில் வெளியேறுகிறது. சிற்றறையில் படிந்த கரையாத துகளில் பாதி வெளியேறவே நூற்றுக்கணக்கான நாட்கள் ஆகலாம். நகரவாசிகளின் நுரையீரலை அறுத்துப் பார்க்கும்போது காணப்படும் கரும்புள்ளிகள் இவ்வாறு தங்கிவிட்ட கரியே ஆகும். மிதமான அளவில் அதனால் பெருந்தீங்கு நேர்வதில்லை.

மூன்றாவது, பலப்பத் தூசியில் உள்ள படிகச் சிலிகா. குவார்ட்ஸ் என்று அழைக்கப்படும் இக்கனிமம் பாறைகளிலும் மணலிலும் மிகுதியாக உள்ளது. இங்குதான் காவல் முறியத் தொடங்குகிறது.

விழுங்கியவரைக் கொல்லும் தூசி

குவார்ட்ஸ் துகளையும் பெருவிழுங்கணு வழக்கம்போல் விழுங்குகிறது. வழக்கம்போல் லைசோசோம்கள் வந்து இணைகின்றன. ஆனால் குவார்ட்ஸின் மேற்பரப்பிலுள்ள சில இரசாயனக் கூறுகள் பையின் மெல்லிய சவ்வைத் தாக்கிக் கிழித்துவிடுகின்றன. புதிதாக உடைக்கப்பட்ட குவார்ட்ஸுக்கு இத்தன்மை மிகுதி. பையினுள் அடங்கியிருக்க வேண்டிய நொதிகள் அணுவினுள்ளே கசிகின்றன. அதனை ஆபத்தின் அறிகுறியாகக் கொண்டு, அழற்சியைத் தூண்டும் பொருளொன்றை அணு வெளியிடுகிறது. இதற்குரிய அணுவினுள் அமைப்பு 2008-ஆம் ஆண்டில் விளக்கமாகத் தெரிய வந்தது. முடிவில் அணு மடிந்து சிதைகிறது.

அணு மடிந்தது, ஆனால் துகள் மடியவில்லை. அது சிறிதும் தேயாமல் மீண்டும் வெளியே வந்து விழுகிறது. வேறோர் அணு வந்து அதனை விழுங்குகிறது, அதுவும் மடிகிறது. ஒரே துகள் இவ்வாறு பல அணுக்களை அடுத்தடுத்து அழிக்க வல்லது. அடிக்கடி நிகழும் இவ்வழிவின் இடையே வெளியாகும் பொருள்கள், நார்த்திசுவை உண்டாக்கும் அணுக்களைத் தூண்டுகின்றன. புண் ஆறும்போது தழும்பு தோன்றுவதைப் போல, நுரையீரலினுள் நார் முடிச்சுகள் தோன்றுகின்றன. வெங்காயத்தின் தோல்களைப் போல் அடுக்கடுக்காகச் சுழன்று இறுகிய இம்முடிச்சுகளே சிலிகோசிஸின் அடையாளம். முடிச்சுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருங்கட்டிகளாகிவிட்டால், எஞ்சிய சிற்றறைகளும் இழுபட்டுச் சிதைகின்றன.

இதனால் இரண்டு உண்மைகள் விளங்குகின்றன. ஒன்று, நோயை உண்டாக்குவது துகளின் கூர்முனை அன்று. கல்தூசி ஊசியைப் போல் நுரையீரலைக் குத்துகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அதே பருமனுள்ள வேறு பல கனிமத் துகள்கள் இத்தகைய நோயை உண்டாக்குவதில்லை. அணுவினுள் நிகழும் இரசாயனச் செயலே காரணம். மற்றொன்று, தொழிலை விட்டு நின்ற பின்னரும் நோய் வளரக்கூடும். தூசி வருவது நின்றாலும், ஏற்கனவே உள்ள துகள்கள் தம் வேலையை நிறுத்துவதில்லை.

ஒரு கணக்கு

நுரையீரலின் காவல் எவ்வளவு பளுவைத் தாங்க வேண்டியிருக்கிறது என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். எட்டு மணி நேரம் உடலுழைப்பு செய்பவர் ஏறத்தாழ 10 கன மீட்டர் காற்றை உள்ளிழுக்கிறார் எனக் கொள்வோம். அவர் வேலை செய்யும் இடத்தில், சிற்றறை வரை செல்லத்தக்க குவார்ட்ஸ் தூசி கன மீட்டருக்கு ஒரு மில்லி கிராம் வீதம் இருப்பதாக வைத்துக் கொள்வோம். அவர் ஒரு நாளில் உள்ளிழுப்பது 10 மில்லி கிராம்; ஒரு சிட்டிகை உப்பை விடக் குறைவு.

துகள் ஒவ்வொன்றும் இரண்டு மைக்ரான் விட்டமுள்ள உருண்டை எனக் கொண்டால், ஒரு மில்லி கிராமில் ஏறத்தாழ ஒன்பது கோடி துகள்கள் இருக்கும். பத்து மில்லி கிராமில் 90 கோடி. அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் சிற்றறைகளில் தங்கினாலும், ஒரு நாளைக்கு ஒன்பது கோடி துகள்கள் ஆகும். ஆண்டிற்கு 250 நாட்கள் வேலை செய்தால், அவை 2,250 கோடியாகும். நுரையீரல்களிலுள்ள பெருவிழுங்கணுக்களின் மொத்தத் தொகை சில நூறு கோடிகளே. ஆகவே ஓராண்டிலேயே ஒவ்வோர் அணுவுக்கும் பல துகள்கள் வீதம் வந்து சேர்கின்றன. மடிந்த அணுக்களுக்கு ஈடாகப் புதியன தோன்றுவதுண்டு. இரத்தத்திலிருந்தும் சில வந்து சேர்வதுண்டு. எனினும் வெளியேற்றத்தை விட வரவு மிகுந்திருக்கும்வரை, மிச்சம் ஆண்டுதோறும் குவிந்து கொண்டே போகும்.

அமெரிக்கத் தொழில்நல நிலையம் பரிந்துரைத்துள்ள உச்ச வரம்பு, கன மீட்டருக்கு 0.05 மில்லி கிராம். நமது கணக்கில் எடுத்துக் கொண்ட அளவு அதைப்போல் இருபது மடங்கு. வரம்பின்படியுள்ள காற்றில் வேலை செய்தால், ஒன்பது கோடிக்குப் பதில் நாளொன்றுக்கு 45 இலட்சம் துகள்களே தங்கும். நோய் உண்டாவதும், அது விரைவில் உண்டாவதா பல ஆண்டுகளுக்குப் பின் உண்டாவதா என்பதும், இவ்வளவையே பெரிதும் பொறுத்துள்ளன. மிதமான தூசியில் நோய் தோன்றப் பத்து அல்லது இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். மிகக் கடுமையான தூசியிலோ சில மாதங்களிலிருந்து சில ஆண்டுகளுக்குள்ளேயே சிற்றறைகளில் நீர்மப் பொருள் நிறைந்து உயிருக்கு ஆபத்து நேரலாம். சிற்றறையிலுள்ள பழைய வழவழப்புப் பொருளை அகற்றுவதும் பெருவிழுங்கணுக்களின் வேலையே. அவை முடங்கிவிட்டால் அப்பொருளும் தேங்கி நிற்கும்.

காசநோய்க் கிருமிக்குத் திறந்த வாயில்

காசநோய் உள்ளவர் இருமும்போது வெளிப்படும் நீர்த்திவலைகள் விரைவில் உலர்ந்து, ஒன்று முதல் ஐந்து மைக்ரான் பருமனுள்ள துளிக்கருக்களாகக் காற்றில் மிதக்கின்றன. சிற்றறையை அடைவதற்கு ஏற்ற பருமன் இதுவே என்பதை மேலே கண்டோம். அங்கு இக்கிருமியை விழுங்குவதும் பெருவிழுங்கணுவே. ஆனால் 1882-இல் ராபர்ட் காக் கண்டறிந்து வெளியிட்ட இக்கிருமி தந்திரம் மிக்கது. அது அடைபட்டுள்ள பையுடன் லைசோசோம்கள் இணையாதபடி தடுத்துவிடுகிறது. தன்னைக் கொல்ல வேண்டிய அணுவினுள்ளேயே குடியிருந்து பெருகுகிறது. இருப்பினும், உடலின் மற்றக் காவலணுக்கள் வந்து பெருவிழுங்கணுவுக்கு ஊக்கமளிப்பதால், தொற்றியவருள் பெரும்பாலோரிடம் கிருமி அடங்கிக் கிடக்கிறது.

அடங்கிக் கிடக்கும் கிருமியைச் சூழ்ந்து நிற்பவை பெருவிழுங்கணுக்களே. குவார்ட்ஸ் அழிப்பதும் அவற்றையே. ஆகவே சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் தோன்றும் வாய்ப்பு மற்றவரைவிடப் பல மடங்கு மிகுதியாக உள்ளது. தொழிலை விட்டுப் பல ஆண்டுகள் ஆன பின்னரும் இவ்வாய்ப்பு நீங்குவதில்லை. காசநோய் முன்னேறிய பிறகு இரு நோய்களும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

நோயை எவ்வாறு அறிவது?

தொடக்கத்தில் சிலிகோசிஸுக்கு அறிகுறி ஏதுமில்லை. பின்னர், ஏற்றத்தில் நடக்கும்போதும் சுமை தூக்கும்போதும் மூச்சு வாங்குகிறது; வறட்டு இருமல் தொடர்கிறது. எக்ஸ்ரே படத்தில் இரு நுரையீரல்களின் மேற்பகுதிகளிலும் சிறு உருண்டை நிழல்கள் தோன்றுகின்றன. காசநோயும் பெரும்பாலும் மேற்பகுதியிலேயே தோன்றுவதால் இரண்டையும் ஒன்றெனக் கருதும் தவறு நேர்வதுண்டு.

களப் பணியாளர் செய்யக்கூடிய பயனுள்ள செயல், நோயாளியிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பதாகும்: இப்போது செய்யும் வேலையை மட்டுமன்றி, சிறுவயது முதல் என்னென்ன வேலைகளை எத்தனை ஆண்டுகள் செய்தீர்கள்? கல் உடைத்தல், கிணறு தோண்டுதல், சுரங்கம், வார்ப்படச் சாலை, மணற்பீய்ச்சல், பலப்பம் அறுத்தல், அகேட் மணி தேய்த்தல் ஆகியவற்றில் ஏதேனும் விடையாக வந்தால், அதனை மருத்துவருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். சளியில் கிருமி காணப்படாமலே ஒருவர் மீண்டும் மீண்டும் காசநோய் மருந்து உண்டு வருகிறார், மூச்சுத்திணறலோ குறையவில்லை எனில், தூசி நோயை ஐயுறுதல் வேண்டும். அதேபோல், சிலிகோசிஸ் எனத் தெரிந்த ஒருவருக்குப் புதிதாகக் காய்ச்சல், எடைக்குறைவு, இருமலில் இரத்தம் ஆகியவை கண்டால், தூசி நோய்தானே என்று விட்டுவிடாமல் சளியைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். தொழிற்சாலைகளில் சிலிகோசிஸ், சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோயாகும் என்பதும் நினைவிலிருக்க வேண்டும்.

தூசியைத் தடுக்கும் இடம்

நுரையீரலில் புகுந்து தங்கிய குவார்ட்ஸைக் கரைக்கவோ, தோன்றிவிட்ட நார் முடிச்சுகளைக் கலைக்கவோ வல்ல மருந்து இல்லை. வெல்லம் தின்றால் நெஞ்சுத் தூசி இறங்கிவிடும் என்ற நம்பிக்கை தூசித் தொழில்கள் பலவற்றில் உண்டு. வெல்லம் செல்லும் வழி உணவுக்குழல். தூசி தங்கும் இடமோ காற்றுச் சிற்றறை. தொண்டை வறட்சிக்கு அது இதமளிக்கலாம். மனிதரைச் சிலிகோசிஸிலிருந்து காக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வெல்லம் தின்றோம் என்ற துணிவில் தூசியினிடையே நிற்பதே அதனால் வரும் கேடு.

முகத்தைச் சுற்றிக் கட்டும் துணியும் அத்தகையதே. அது பெரிய துகள்களைத் தடுக்கும்; அவற்றை மூக்கே தடுத்திருக்கும். துணியின் இழைகளுக்கிடையேயும் கன்னத்தின் ஓரமாகவும் புகும் இரண்டு மைக்ரான் துகளையே நாம் தடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கெனச் செய்யப்பட்டு, முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் வடிகட்டி முகமூடியால் ஓரளவு பயனுண்டு. ஆயினும் வெப்பத்தில் எட்டு மணி நேரம் அதனை அணிந்து உழைப்பது எளிதன்று. எனவே அதனை இரண்டாம் காவலாகவே கொள்ள வேண்டும்.

முதற்காவல், தூசி எழும் இடத்திலேயே அமைய வேண்டும். அறுக்கும் இடத்தில் நீர் சொரிந்தால் தூசி காற்றில் கலவாமல் சேறாகப் படிகிறது. நீர் பயன்படுத்த இயலாத இடத்தில், ரம்பத்தை ஒட்டி உறிஞ்சுகுழல் அமைத்து, தூசியை எழுந்தவுடனே இழுத்துப் பையில் சேர்க்கலாம். உறிஞ்சுகுழலின் வாய் ரம்பத்திலிருந்து சிறிது விலகினாலும் அதன் பயன் வெகுவாகக் குறைந்துவிடும். பை நிறைந்து அடைத்துக் கொண்டாலும் அவ்வாறே. ஆகையால் பொருத்துவதோடு நில்லாமல் நாள்தோறும் பார்த்து வர வேண்டும். தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவது, அடங்கிய நுண்தூசியை மறுபடி எழுப்புவதாகும். நனைத்த பின்னரே பெருக்க வேண்டும். தூசி படிந்த உடையை வீட்டிற்குக் கொண்டு சென்று குழந்தைகள் இருக்குமிடத்தில் உதறுதலும் கூடாது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். கதவுகளை அடைத்து, ஒரு சன்னல் இடுக்கின் வழியாக மட்டும் வெயில் கற்றையை உள்ளே விட்டு, தரையில் ஓரிடத்தை ஒருமுறை பெருக்கிவிட்டால், தூசி எழுந்து அடங்குவதைக் காணலாம். கண்ணுக்குத் தூசி தெரியாமற் போன பிறகும் வெயில் கற்றையில் நெடுநேரம் துகள்கள் மின்னிக் கொண்டிருக்கும். கூர்ந்து நோக்கினாலும் தெரியாத அளவுக்குச் சிறியவை அவற்றினும் பல. பலப்பத்தைக் கையில் பிடித்து எழுதும் மாணவனுக்கு இத்தூசியால் சிலிகோசிஸ் வரும் என அஞ்ச வேண்டியதில்லை. அவனிடம் எழும் தூசி மிகச் சொற்பம். அந்தப் பலப்பத்தை அறுத்தவரின் முகத்தெதிரே எழுந்த தூசியே, எட்டு மணி நேரமும் அவரது விழுங்கணுக்களை எதிர்நோக்கி நின்றதாகும்.